ஹோட்டல் ஃபோலியோ போட்டோவில் கணக்கு இடிக்கிறதா? எங்கே பார்ப்பது, எப்படிப் பிரிப்பது

எங்கள் அலுவலகம் சென்னையில். சர்வீஸ் இன்ஜினியர்களும் விற்பனை ஆட்களும் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் தங்குகிறார்கள். அவர்கள் போனில் எடுத்து அனுப்பும் ஹோட்டல் ஃபோலியோவை, அதாவது தங்கியவரின் கணக்கு முழுதும் இருக்கும் பில்லைப் பார்த்து வாடகை, சாப்பாடு, வரி, இதர செலவு என்று பிரித்துச் செலவு அறிக்கையில் ஏற்றுவது என் வேலை. ஒரே ஐந்தாறு சிக்கல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை வந்து நிற்கும் விதத்திலேயே இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

குழப்பம் வராமலிருக்க ஒன்று: இதில் 'வரி' என்றால் ஜிஎஸ்டி மட்டும்தான். ஃபோலியோவில் ஒன்றன் கீழ் ஒன்றாக வருவதை 'பதிவு' என்று சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2025 நவம்பரில் கோயம்புத்தூரில் இரண்டு இரவு, காலை டிபனோடு சேர்ந்த அறை. பெரும்பாலான ஃபோலியோக்கள் இந்த வடிவத்தில்தான் இருக்கும்.

```
Date   Description     Debit    Credit    Balance
11-11  Advance                  5000.00  -5000.00
11-11  Restaurant      640.00            -4360.00
11-11  CGST 2.5%        16.00            -4344.00
11-11  SGST 2.5%        16.00            -4328.00
11-11  Room Charge    6000.00             1672.00
11-11  CGST 2.5%       150.00             1822.00
11-11  SGST 2.5%       150.00             1972.00
12-11  Laundry         350.00             2322.00
12-11  CGST 9%          31.50             2353.50
12-11  SGST 9%          31.50             2385.00
12-11  Room Service    480.00             2865.00
12-11  CGST 2.5%        12.00             2877.00
12-11  SGST 2.5%        12.00             2889.00
12-11  Room Charge    6000.00             8889.00
12-11  CGST 2.5%       150.00             9039.00
12-11  SGST 2.5%       150.00             9189.00
13-11  Paid Out        450.00             9639.00
13-11  Card                     9639.00      0.00
```

அறை வாடகை அன்றைய இரவு கணக்கு முடிக்கும்போதுதான் ஏறும். அதனால்தான் 11ஆம் தேதி சாப்பிட்ட பில், அறை வாடகைக்கு முன்னால் நிற்கிறது. செக்-அவுட் நாளான 13ஆம் தேதிக்கு வாடகைப் பதிவே இல்லை. அது விட்டுப்போனதில்லை, சரிதான்.

## கார்டு ஸ்லிப்பில் ஒரு தொகை, ஃபோலியோவில் வேறு தொகை

அதிகம் வருவது இதுதான். மேலே உள்ள ஃபோலியோவை அனுப்பிய தம்பி, அறிக்கையில் 9,639 என்று போட்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, கார்டு ஸ்லிப்புல 9,639 தான இருக்கு? அதையே போட்டுட்டேன்."

"மேல 5,000 அட்வான்ஸ் இருக்கே, அது யார் கட்டினது?"

"நான்தான்க்கா. புக் பண்ணும்போது யுபிஐல அனுப்பினேன்."

அவன் கையிலிருந்து 5,000 போயிருக்கும். செக்-அவுட்டில் கட்டியது தங்கிய செலவு ஆகாது. அது அட்வான்ஸ் கழிந்து மீந்த பாக்கி. செலவு என்பது டெபிட் பக்கத்தின் கூட்டுத்தொகை, இங்கே 14,639. இந்த ஃபோலியோவின் கிரெடிட் பக்கத்தில் இருப்பது அந்தச் செலவை யார், எப்போது கட்டினார்கள் என்ற விவரம் மட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: கிரெடிட் பக்கத்தில் அட்வான்ஸ் இருக்கிறதா, அதைக் கட்டியது யார். ஊழியர் கட்டியிருந்தால் முழு 14,639 அவருக்கு வர வேண்டும், யுபிஐ ரசீதை இணைத்தால் போதும். கம்பெனி கட்டியிருந்தால் செலவு 14,639 என்றே ஏறும், அவருக்குத் திருப்பித் தருவது 9,639. இந்த இரண்டையும் குழப்பினால் ஒன்று ஊழியருக்கு நஷ்டம், இல்லையென்றால் ஒரே 5,000 இரண்டு முறை வெளியே போகும்.

அடுத்து: பக்க எண். கீழ் மூலையில் '1/2' என்று இருந்து ஒரு போட்டோதான் வந்திருந்தால், மீதி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மூலை வெட்டுப்பட்டிருந்தால் கடைசி பேலன்ஸைப் பாருங்கள். பணம் கட்டி முடித்த ஃபோலியோ 0.00 என்று முடியும். கம்பெனி பெயரில் கடனாக மாற்றியிருந்தாலும் அந்தத் தொகை கிரெடிட்டில் ஏறி 0.00தான் வரும். வேறு எண்ணில் நின்றால் பக்கம் குறைகிறது, இல்லையென்றால் செக்-அவுட்டுக்கு முன் எடுத்த நகல்.

அப்புறம்: ஒரே அறைக்கு இரண்டு ஃபோலியோ போட்டிருக்கலாம். வாடகையும் அதன் வரியும் கம்பெனி பெயரில் ஒன்று, சாப்பாடும் லாண்ட்ரியும் விருந்தினர் பெயரில் இன்னொன்று. பில் எண் வேறாகவும் அறை எண் ஒன்றாகவும் இருந்தால் அதுதான். இரண்டையும் வாங்காமல் கூட்டிப் பார்ப்பது வீண்.

ஹோட்டலைக் கூப்பிட வேண்டிய இடம்: தலைப்பில் புரோஃபார்மா என்று இருந்தாலோ, டாக்ஸ் இன்வாய்ஸ் எண் இல்லாவிட்டாலோ, பேலன்ஸ் பூஜ்யம் ஆகாவிட்டாலோ. ரிசப்ஷனில் அறை எண்ணும் செக்-அவுட் தேதியும் சொன்னால் இறுதி பில்லை மெயிலில் அனுப்புவார்கள். ஆப் வழியாக முன்பணம் முழுதும் கட்டிப் புக் செய்திருந்தால் ஹோட்டல் ஃபோலியோவில் வாடகையே இல்லாமல் போகலாம். அப்போது வாடகைக்கான பில்லைப் புக்கிங் செய்த இடத்தில்தான் கேட்க வேண்டும்.

## போட்டோவில் ஓர் எண் தெரியவில்லை

வெளிச்சம் அடித்தோ, மடிப்பு விழுந்தோ, பிரிண்டர் மை மங்கியோ ஓர் எண் மறைந்துவிடும். 5-ஐ 6 என்றும், 3-ஐ 8 என்றும் படித்துவிடுவோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஊகிக்காதீர்கள். ஃபோலியோவே பதிலை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது.

முதல் இடம் பேலன்ஸ். லாண்ட்ரி பதிவில் '3?0' என்றுதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள பேலன்ஸ் 1,972. அதே பதிவின் பேலன்ஸ் 2,322. வித்தியாசம் 350. அவ்வளவுதான்.

இரண்டாவது இடம் வரி. பேலன்ஸும் தெரியவில்லை என்றால் கீழே உள்ள சிஜிஎஸ்டியிலிருந்து திரும்பப் போகலாம்.

```
31.50 / 0.09 = 350.00
```

இரண்டும் ஒரே பதிலைத் தந்தால் அந்த எண்ணை நம்பி ஏற்றலாம். ஒன்றுக்கொன்று வேறாக வந்தால் வேறு ஏதோ ஓர் எண்ணையும் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் பேலன்ஸ் பக்கத்தில்தான் அது இருக்கும், ஏனென்றால் தாளின் வலது ஓரம்தான் போட்டோவில் மங்கும், வளையும். பேலன்ஸுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியையும் கவனியுங்கள். அட்வான்ஸ் கட்டியவர்களின் முதல் சில பதிவுகளில் அது இருக்கும். போட்டோவில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், விட்டுவிட்டால் கணக்கு 10,000 தள்ளிப் போய் நிற்கும்.

அடுத்தடுத்து இரண்டு பதிவுகள் முழுதும் மறைந்திருந்தால் இந்த வழி உதவாது. மொத்தம் கிடைக்கும், எது சாப்பாடு, எது வரி என்பது கிடைக்காது. மறு போட்டோ கேளுங்கள். தாளை மேஜையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கம் வைத்து, நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எழுத்து உடையாது.

## காலை டிபன் சாப்பிட்டிருக்கிறார், ஃபோலியோவில் டிபன் பதிவே இல்லை

கோயம்புத்தூர் உதாரணத்தில் இரண்டு காலை டிபன் உண்டு, ஆனால் ஒரு ரூபாய்கூடத் தனியாக இல்லை. அறைத் திட்டத்தைப் பாருங்கள். ஃபோலியோவின் மேல் பகுதியில், விருந்தினர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்தில் இருக்கும். இபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் அறையும் காலை டிபனும். எம்ஏபி என்றால் அதோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. ஏபி என்றால் மூன்று வேளையும்.

சிபி அறையில் டிபன் வாடகைக்குள் அடக்கம், வரியும் வாடகைக்கான விகிதத்திலேயே போட்டிருப்பார்கள். உங்கள் அறிக்கைப் படிவத்தில் சாப்பாடு என்று தனிக் கட்டம் இருக்கிறதே என்பதற்காக, டிபன் 300 இருக்கும், அதைக் கழித்து 5,700 வாடகை என்று நீங்களாகப் பிரிக்காதீர்கள். அப்படி ஒரு தொகை எந்தத் தாளிலும் இல்லை. வரியோடு பொருத்திப் பார்க்கிறவருக்கு அது உடனே இடிக்கும்: 5,700க்கு 2.5 சதவீதம் 142.50, ஃபோலியோவிலோ 150. முழு 6,000-ஐயும் வாடகையில் வைத்து, குறிப்பில் 'காலை டிபன் உட்பட' என்று எழுதுங்கள்.

அந்தக் குறிப்பு சும்மா ஒரு வார்த்தை இல்லை. தினப்படி கொடுக்கும் கம்பெனிகளில் டிபன் ஹோட்டலோடு வந்துவிட்டால் அந்தப் பங்கைக் கழிக்கும் விதி இருக்கலாம். அதைப் பார்க்கிறவருக்கு இந்த ஒரு குறிப்புதான் வழி.

திட்டம் எங்கும் அச்சாகவில்லை என்றால் புக்கிங் உறுதி மெயிலைப் பாருங்கள். கம்பெனி விதி கட்டாயம் பிரித்துத்தான் காட்ட வேண்டும் என்றால், ஹோட்டலின் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு வழி இல்லை.

## வரி சதவீதம் கணக்கோடு ஒத்துவரவில்லை

முதலில் தேதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 12 சதவீதம். அன்றிலிருந்து 5 சதவீதம், அதாவது சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. 7,500க்கு மேல் அப்போதும் இப்போதும் 18. பழைய ஃபோலியோவைப் புது விகிதத்தில் சரிபார்த்துவிட்டு ஹோட்டலோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

அடுத்து, ஒரே ஃபோலியோவில் இரண்டு விகிதம். இது பலரையும் திகைக்க வைக்கும். விகிதம் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உண்மையில் வாங்கிய வாடகையைப் பார்த்து முடிவாகிறது. வியாழக்கிழமை 7,200, வெள்ளிக்கிழமை 7,800 என்று வாடகை ஏறினால், முதல் இரவுக்கு 360 ரூபாய் வரி, இரண்டாவது இரவுக்கு 1,404 ரூபாய் வரி. வாடகையில் 600 ரூபாய் வித்தியாசம், வரியில் ஆயிரத்துக்கு மேல். பார்த்தால் தவறு போலத்தான் இருக்கும், தவறில்லை. இரண்டு இரவையும் கூட்டிச் சராசரி போட்டு வரியைச் சரிபார்க்கப் போனால் எந்தக் காலத்திலும் பொருந்தாது. இரவு இரவாகப் பாருங்கள்.

உணவுக்கும் லாண்ட்ரிக்கும் விகிதம் தனி. எங்கள் உதாரணத்தில் ரெஸ்டாரன்ட் 5, லாண்ட்ரி 18. பெரிய ஹோட்டல்களில், அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் இடங்களில், ரெஸ்டாரன்ட்டுக்கும் 18 வரலாம். அதனால் கடைசியில் இருக்கும் வரிக் கூட்டுத்தொகையை எடுத்து மொத்தத்தில் ஒரே சதவீதம் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பதிவின் வரியையும் அதன் தலைப்போடு கட்டி வையுங்கள்.

ஃபோலியோவில் வரி தனியாக இல்லாமல் அறை 6,300 என்று ஒரே தொகையாக இருந்தால், வரி உள்ளடங்கிய வாடகை. அப்போது 6,300க்கு 5 சதவீதம் என்று 315-ஐக் கழிக்கக் கூடாது. வகுக்க வேண்டும்.

```
6300 / 1.05 = 6000      6300 - 6000 = 300
```

பல பில்களில் கடைசியில் சேவைக் குறியீடு வாரியாக ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அறைக்கு 996311 என்று தொடங்கி, எவ்வளவு தொகைக்கு எவ்வளவு வரி என்று அவர்களே கூட்டிக் காட்டியிருப்பார்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது, உங்கள் கணக்கை அதோடு ஒப்பிட்டால் போதும். வரியில் ஓரிரு பைசா வித்தியாசம், கடைசியில் ரவுண்ட் ஆஃப் என்று ஒரு பதிவு, இவற்றை நோண்ட வேண்டாம். ரவுண்ட் ஆஃப் தொகையை இதர செலவில் போட்டுவிடுங்கள்.

ஜிஎஸ்டி இல்லாமல் வாட் என்று ஒரு பதிவு வந்தால் அது மதுபானம். மனிதர்கள் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது, மாநில வரிதான். எங்கள் கம்பெனியில் அதைத் திருப்பித் தருவதில்லை. பதிவையும் அதன் வாட் தொகையையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். பானத்தை மட்டும் எடுத்துவிட்டு வாட் தொகையை விட்டுவைத்த அறிக்கைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

## இது என்ன செலவு என்றே தெரியவில்லை

பெய்ட் அவுட் என்பதுதான் அதிகம் கேட்கப்படுவது. விருந்தினருக்காக ஹோட்டல் கையிலிருந்து பணம் கொடுத்து, அதை அறைக் கணக்கில் ஏற்றியது. பெரும்பாலும் டாக்ஸி, சில நேரம் மருந்து, கூரியர். உதாரணத்தில் 450 ரூபாய்க்கு வரியே இல்லாதது அதனால்தான்: ஹோட்டல் விற்ற பொருள் இல்லை அது. இதை 'இதர செலவு' என்று முடித்துவிடாமல் ஊழியரிடம் கேளுங்கள். ரயில் நிலையத்துக்குப் போன டாக்ஸி என்றால் பயணச் செலவில் போக வேண்டும். ரிசப்ஷனில் அதற்கு ஒரு சின்ன வவுச்சர் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், நகல் தருவார்கள்.

மிஸ்க் என்று மட்டும் இருந்தால் வரி விகிதம் ஓரளவு துப்புக் கொடுக்கும், முடிவு சொல்லாது. பக்கத்தில் உள்ள குறிப்பு எண்ணை வைத்து ஹோட்டலிடம் மூல பில்லைக் கேட்பதுதான் நல்லது. டிரான்ஸ்ஃபர் என்று இன்னோர் அறை எண்ணோடு வந்தால், உடன் தங்கியவரின் செலவு இவர் கணக்குக்கு மாறியிருக்கிறது. அந்த இன்னொருவரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் அதே தொகை இருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். அலவன்ஸ், ரிபேட் என்று கிரெடிட்டில் வருவது பணம் கட்டியதில்லை, முன்பு ஏற்றிய ஒன்றை ஹோட்டல் குறைத்தது. எந்தத் தலைப்பில் ஏறியதோ அதே தலைப்பிலிருந்து கழியுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் என்று ஹோட்டலாகச் சேர்த்திருந்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதலின்படி அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. கட்டிவிட்டார் என்றால் சாப்பாட்டோடு வையுங்கள், வரியில் போடாதீர்கள். அது அரசுக்குப் போகும் பணம் இல்லை.

## எல்லாம் பொருந்துகிறது, கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்புகிறது

பெரும்பாலும் காரணம் ஜிஎஸ்டி எண். பில்லில் இரண்டு எண் இருக்க வேண்டும்: ஹோட்டலுடையது, நம் கம்பெனியுடையது. 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து பான் எண். கம்பெனியின் பான் எண்ணை வைத்து நடுப்பகுதியை ஒப்பிட்டாலே எழுத்துப்பிழை தெரிந்துவிடும். 0 இருக்க வேண்டிய இடத்தில் ஓ எழுத்து விழுவது வழக்கமான பிழை.

வெளிமாநில பில்லில், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது வரும் ஐஜிஎஸ்டி இல்லையே என்றும் கேட்பார்கள். அறை வாடகைக்கு ஹோட்டல் இருக்கும் மாநிலம்தான் கணக்கு. பெங்களூரில் தங்கினால் அங்கே சிஜிஎஸ்டியும் கர்நாடக எஸ்ஜிஎஸ்டியும்தான் வரும். கர்நாடகத்தில் ஜிஎஸ்டி எண் இல்லாத சென்னைக் கம்பெனிக்கு, அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் கிடைக்காது, அது செலவோடு செலவாகப் போகும். கோயம்புத்தூர் பில் என்றால் நிலைமை வேறு. ஆகவே கீழே போடும் பிரிப்பில் வரியைத் தலைப்பு வாரியாகத் தனியே காட்டுங்கள், சாப்பாட்டு வரியை அறை வரியோடு கலக்காதீர்கள். எதற்குக் கிரெடிட் எடுப்பது என்பதை ஆடிட்டர் முடிவு செய்யட்டும். அது நம் மேஜையில் தீரும் விஷயம் இல்லை.

```
Room          12000.00   GST 600.00
Meals          1120.00   GST  56.00
Laundry         350.00   GST  63.00
Paid Out        450.00   GST   0.00
Total         13920.00 + 719.00 = 14639.00
```

கம்பெனி எண் இல்லாமலோ, ஊழியரின் சொந்தப் பெயரிலோ பில் போட்டிருந்தால் பேனாவால் எழுதிச் சேர்க்கக் கூடாது. ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு பில் எண், தேதி, சரியான கம்பெனிப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் போட்டு மெயில் அனுப்பித் திருத்திய பில் கேளுங்கள். அந்த மாதக் கணக்கை அவர்கள் தாக்கல் செய்வதற்கு முன் கேட்டால் எளிதாக மாற்றித் தருவார்கள். தாக்கல் ஆனபின் கிரெடிட் நோட், புது பில் என்று நீளும். நான் ஊழியர்களிடம் சொல்லி வைத்திருப்பது இதுதான்: செக்-அவுட் கவுண்டரில் கார்டைக் கொடுப்பதற்கு முன்பே நம் ஜிஎஸ்டி எண்ணையும் பக்க எண்ணையும் பார்த்துவிட்டு, பணம் கட்டி முடித்ததும் அங்கேயே நின்று போட்டோ எடுத்து அனுப்புங்கள். எண் தப்பாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேறு பிரிண்ட் கொடுத்துவிடுவார்கள்.